நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் உள்ள 14 ஊராட்சிகளில் ஒன்று திருப்புலி நாடு. மலைமேல் ஏறிவிட்டால் நிலம் மேடும் பள்ளமுமாக விரிகிறது. சரிவுகளில் காப்பியும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும் இருக்கும். நீர் தங்கும் பள்ளங்களில் நெல் வயல்கள் இருக்கும். தட்டான்களின் இளம்பருவம் முழுக்கத் தண்ணீருக்குள் கழிகிறது. தேங்கிய நீரை விரும்பும் இனங்களும் உண்டு, ஓடும் நீரை விரும்பும் இனங்களும் உண்டு. வயலும் வாய்க்காலும் ஓடையும் அடுத்தடுத்து இருக்கும் இப்படிப்பட்ட இடத்தில் இரு வகையும் கலந்து பறக்கும். காலையில் வரப்போடு நடந்து வந்தால் போதும், கைப்பேசியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரிசையாகப் படங்கள் சேர்ந்துவிடும்.

சிக்கல் வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போதுதான் தொடங்கும். இது என்ன தட்டான்? பெரும்பாலோர் உடனே நிறத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிவப்பு என்றால் ஒரு பெயர், நீலம் என்றால் ஒரு பெயர். ஆனால் இந்தியாவில் ஏறத்தாழ 500 இனத் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் இருக்கின்றன. அவற்றுள் சிவப்பு வயிறு கொண்டவை மட்டும் பல. ஒரே இனத்தில் ஆண் சிவப்பாகவும் பெண் மஞ்சளாகவும் இருக்கலாம். அந்த ஆணே சில நாட்களுக்கு முன்பு மஞ்சளாக இருந்திருக்கலாம். ஆகவே படத்தில் பார்க்க வேண்டிய வரிசை வேறு: முதலில் இறக்கை, அடுத்து கண், அதன் பிறகே வயிற்றின் நிறம். இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இறக்கையின் வடிவமும் கண்களின் இடைவெளியும் பூச்சி வளர்ந்து வெளிவந்தபின் மாறுவதில்லை. நிறம் மாறும்.

இறக்கை: நிலையைவிட வடிவம் முக்கியம்

தட்டானும் ஊசித்தட்டானும் ஒடோனேட்டா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நான்கு இறக்கைகள். ஈயையும் கரப்பானையும் கவனித்தால், உட்கார்ந்தவுடன் இறக்கையைப் பின்னால் மடித்து முதுகின்மேல் படிய வைத்துக்கொள்வது தெரியும். தட்டான் இனத்தால் அது முடியாது. இறக்கை மார்போடு சேரும் மூட்டு பழைய அமைப்பில் உள்ளது. அதில் இறக்கையைப் பின்னோக்கி மடிக்கும் வசதி இல்லை. எனவே ஓய்வில் அவற்றுக்கு இரண்டே வழிதான். ஒன்று, பக்கவாட்டில் விரித்தே வைத்திருப்பது. இன்னொன்று, மேலே தூக்கி ஒன்றோடொன்று சேர்த்து வைப்பது.

தட்டான் விரித்து வைக்கும், ஊசித்தட்டான் சேர்த்து வைக்கும். ஊசித்தட்டானின் மார்பு பின்பக்கமாக நன்றாகச் சாய்ந்திருக்கிறது. அதனால் அது இறக்கைகளை மேலே தூக்கிச் சேர்த்தாலும் அவை வானத்தைப் பார்த்து நிற்பதில்லை. வயிற்றுக்கு மேலே, வயிற்றின் போக்கிலேயே நீண்டு கிடக்கின்றன. புல் நடுவே நுழைந்து திரியும் பூச்சிக்கு இது வசதி. வெட்டவெளியில் குச்சி நுனியில் உட்கார்ந்து, இரை வந்ததும் பாய்கிற தட்டானுக்கு விரித்த இறக்கையே வசதி.

பள்ளிப் புத்தகத்தில் வரும் இந்த விதி பெரும்பாலும் சரி. படத்தை வைத்து முடிவு செய்பவர் அதன் விலக்குகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முக்கியமானவை மூன்று.

முதலாவது, லெஸ்டிடே குடும்பத்து ஊசித்தட்டான்கள். புல் அடர்ந்த குட்டைகளின் ஓரம் இருக்கும் இவற்றில் பல இனங்கள் இறக்கைகளைப் பாதி விரித்தபடியே உட்காரும். உடல் ஊசிபோல் மெல்லியது, இறக்கையோ விரிந்திருக்கிறது. நிலையை மட்டும் பார்ப்பவர் இதைத் தட்டான் என்று எழுதிவிடுவார்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிர்: இறக்கையை மூடிய தட்டான். நீருக்குள் வளர்ந்த இளம்பூச்சி ஒருநாள் நெல் தாளையோ கோரையையோ பிடித்து வெளியே ஏறி, தோலை உரித்துத் தட்டானாகிறது. புதிதாக வெளிவந்த தட்டான், இறக்கைகள் விறைப்பாகும்வரை அவற்றை முதுகுக்கு மேல் ஊசித்தட்டானைப் போலவே சேர்த்து வைத்திருக்கும். விடியற்காலையில் வயலுக்குப் போனால் இப்படி ஒன்று கிடைக்க வாய்ப்பு அதிகம். அடையாளம் எளிது. இறக்கை ஈரக் கண்ணாடி போலப் பளபளக்கும் அல்லது லேசாகப் பால் படிந்தாற்போல் இருக்கும். உடல் வெளிறியிருக்கும். பக்கத்திலேயே தாளைப் பற்றியபடி காலியான பழுப்புத் தோல் தொங்கும். அந்தத் தோலும் படத்தில் விழும்படி எடுத்தால் பின்னால் குழப்பம் இருக்காது.

மூன்றாவது, கோணத்தால் வரும் ஏமாற்றம். தட்டான்களில் பல, உட்கார்ந்து சில நொடி கழித்து இறக்கைகளை முன்னும் கீழுமாகத் தாழ்த்திக்கொள்ளும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் அருகே உள்ள இறக்கை மற்றதை மறைத்துவிடும். மூடிய இறக்கை என்று தோன்றும்.

இந்த மூன்று இடத்திலும் கைகொடுப்பது பின் இறக்கையின் வடிவம். தட்டானின் பின் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அகன்றிருக்கும்; முன் இறக்கை அவ்வளவு அகலம் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டாலே வேறுபாடு தெரியும். ஊசித்தட்டானுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே வடிவம். இரண்டுமே உடலை நெருங்க நெருங்கக் குறுகிக் காம்பு போலாகிவிடும். இறக்கை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, படத்தைப் பெரிதாக்கி இறக்கையின் அடியைப் பாருங்கள். காம்பு இருந்தால் ஊசித்தட்டான், அகலம் இருந்தால் தட்டான்.

மலையோடைகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. தென்னிந்திய மலையோடைகளுக்கே உரிய ஹீலியோசைஃபா பைசிக்னேட்டா என்ற ஊசித்தட்டான், பெயருக்கேற்ற மாதிரி ஊசியாக இருக்காது. கறுப்பு உடல், குட்டையான தடித்த வயிறு. இறக்கை வயிற்றைத் தாண்டி நீளும். ஆணின் கரிய இறக்கையில் வெயில் படும்போது வண்ணத் திட்டுகள் மின்னும். நீரோரப் பாறையில் இதைப் பார்ப்பவர் சிறிய தட்டான் என்றே நினைப்பார். உடல் மெலிவை மட்டும் நம்பினாலும் தவறு வரும் என்பதற்கு இது உதாரணம். இங்கும் இறக்கையின் அடியும் கண்களின் இடைவெளியும் சரியான பதிலைச் சொல்லிவிடும்.

கண்: இடைவெளியை எதனோடு அளப்பது?

ஊசித்தட்டானின் தலையை மேலிருந்து பார்த்தால் உடுக்கை போல இருக்கும்: இரண்டு ஓரத்திலும் இரண்டு உருண்டைக் கண்கள், நடுவே ஒடுங்கிய தலை. தட்டானின் தலையில் பெரும்பகுதியைக் கண்களே பிடித்துக்கொள்கின்றன. இரண்டும் உச்சியில் வந்து ஒன்றையொன்று தொடுகின்றன. பறந்தபடியே இரையைத் துரத்திப் பிடிக்கும் பூச்சிக்கு மேலே உள்ள வானம் முழுதும் கண்ணுக்குள் இருக்க வேண்டும். பெரிய தட்டான்களின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் 20,000-க்கும் மேற்பட்ட சிறு கண்ணறைகள் உண்டு.

தொட்டால் தட்டான், விலகினால் ஊசித்தட்டான் என்று இதையும் ஒரே வரியில் முடித்துவிட முடியாது. காம்ஃபிடே என்ற தட்டான் குடும்பம் குறுக்கே வருகிறது. இந்தக் குடும்பத்தில் கண்கள் விலகியே இருக்கும். தமிழ்நாட்டின் குளங்களில் நன்கு தெரிந்த உதாரணம் இக்டினோகாம்ஃபஸ் ராபாக்ஸ். கறுப்பு உடலில் மஞ்சள் பட்டைகள். வயிற்றின் கடைசிப் பகுதியில், எட்டாம் கண்டத்தின் இரு பக்கமும் இலை போன்ற சிறு மடல். நீருக்கு மேல் நீட்டிய குச்சியின் நுனியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும். அதன் கண்களுக்கு நடுவே இடைவெளி தெளிவாகத் தெரியும். கண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இந்தத் தடித்த பூச்சியை ஊசித்தட்டான் பட்டியலில் சேர்க்க நேரிடும்.

இடைவெளி இருக்கிறதா என்று கேட்பதைவிட, எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டும். அளவுகோல் அந்தப் பூச்சியின் கண்ணே. படத்தில் ஒரு கண்ணின் அகலத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள இடைவெளி அதைவிடப் பெரிது என்றால் ஊசித்தட்டான். அதைவிடச் சிறியது என்றால் காம்ஃபிடே குடும்பத் தட்டான். இடைவெளியே இல்லை என்றால் மற்றக் குடும்பத் தட்டான்கள். இது விகிதம் என்பதால் படம் எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது, பூச்சியின் உண்மையான அளவு என்ன என்பதெல்லாம் தெரியத் தேவையில்லை.

கண்கள் தொடும் தட்டான்களிலும் தொடும் விதம் வேறுபடும். ஏஷ்னிடே குடும்பத்துப் பெரிய தட்டான்களில் இரண்டு கண்களும் நீண்ட கோடாகச் சேர்ந்திருக்கும். இவை பெரும்பாலும் உட்காரும்போது கிளையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கும். நம் வயலோரத்தில் அதிகம் பார்க்கும் லைபெல்லுலிடே குடும்பத்தில் அந்தக் கோடு குட்டையானது. படம் மேலிருந்து தெளிவாக எடுக்கப்பட்டிருந்தால் இந்த ஒரு விவரமே குடும்பத்தைச் சொல்லிவிடும்.

கண்ணைப் பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை பக்கவாட்டுப் படத்தால் வருபவை. பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கண்தான் தெரியும். நடுவில் என்ன இருக்கிறது என்பதற்குச் சான்றே இல்லை. அப்படிப்பட்ட படத்தில் கண்ணைப் பற்றி எதையும் எழுதாமல் இருப்பதே சரி. நேர் எதிரிலிருந்து அல்லது தலைக்கு மேலிருந்து எடுத்த படம்தான் இதற்கு உதவும்.

வயிறு: மஞ்சள் எப்படிச் சிவப்பாகிறது?

நாம் வால் என்று சொல்லும் நீண்ட பகுதிதான் தட்டானின் வயிறு. அது பத்துக் கண்டங்களால் ஆனது. முதலிரண்டு கண்டங்கள் மார்போடு ஒட்டிக் குட்டையாக இருப்பதால் முன்னாலிருந்து எண்ணினால் தவறும். பின்னாலிருந்து எண்ணுவது நல்லது: கடைசியில் கொக்கி போன்ற உறுப்புகளைத் தாங்கி நிற்கும் சிறிய கண்டம் பத்தாவது, அதற்கு முன்னது ஒன்பதாவது.

ஊசித்தட்டான்களில் இந்த எண்ணிக்கைக்குப் பெரிய பயன் உண்டு. வயலில் கிடைக்கும் இரண்டை எடுத்துக்கொள்வோம். சீரியாக்ரியான் கோரமண்டேலியானம் ஆணின் வயிறு முழுதும் ஒரே எலுமிச்சை மஞ்சள். கறுப்புக் குறி எதுவும் இல்லை. மார்பு பச்சை கலந்த மஞ்சள். இதே பேரினத்தைச் சேர்ந்த சீரியாக்ரியான் செரினோரூபெல்லம் பூச்சிக்கு வயிற்றின் தொடக்கமும் முடிவும் செங்கல் சிவப்பு, நடுப்பகுதி கறுப்பு, மார்பு வெளிர் நீலப்பச்சை. இங்கே கேட்க வேண்டியது நிறம் என்ன என்பதல்ல, எந்தக் கண்டத்தில் என்ன நிறம் என்பது. வால் நுனியில் நீலப்புள்ளி உள்ள சிறு ஊசித்தட்டான்களிலும் இதே கதைதான். இஷ்னூரா செனகலென்சிஸ் ஆணுக்கு மேலிருந்து பார்த்தால் நீலம் எட்டாம் கண்டத்தில் பளிச்சென்று தெரியும். மற்றபடி வயிற்றின் முதுகுப்புறம் பெரும்பாலும் கறுப்பு. இஷ்னூரா ரூபிலியோ ஆணுக்கு வயிறு மஞ்சள், நுனியில் நீலம். நீல வால் என்று மட்டும் குறித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

தட்டான்களில் நிறம் இன்னும் பெரிய சிக்கல். வயல்களிலும் குளங்களிலும் ஆசியா முழுதும் காணப்படும் கிரோகோதெமிஸ் செர்விலியாவைப் பாருங்கள். முதிர்ந்த ஆண் தலை முதல் வால் வரை இரத்தச் சிவப்பு. வெளிவந்த புதிதில் அதே ஆண் மஞ்சள். பெண் பெரும்பாலும் கடைசிவரை மஞ்சளாகவே இருக்கும். இந்த மாற்றத்தின் காரணத்தை ஜப்பானின் ரியோ ஃபுதாஹாஷி குழுவினர் 2012-இல் கண்டறிந்தார்கள். வயது ஏறும்போது புதிய சிவப்புச் சாயம் ஒன்று உருவாகியிருக்கும் என்று நாம் நினைப்போம். அவர்கள் பார்த்ததோ வேறு: மஞ்சள் பூச்சியிலும் சிவப்புப் பூச்சியிலும் இருந்தவை ஒம்மோகுரோம் என்ற ஒரே வகைச் சாயங்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் அவை மஞ்சளாகவும், ஒடுக்கம் அடைந்த நிலையில் சிவப்பாகவும் தெரிகின்றன. இதைச் சோதிக்க, இன்னும் மஞ்சளாக இருந்த இளம் ஆண்களுக்குள் ஒடுக்கியான அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சி-யை, ஊசிமூலம் செலுத்தினார்கள். மஞ்சள் உடல் சிவந்தது. அவர்கள் ஆய்வு செய்த இனங்களில் ஒன்று நம் வயலில் பறக்கும் இதே கிரோகோதெமிஸ் செர்விலியா.

படம் பார்ப்பவருக்கு இதில் உள்ள செய்தி தெளிவானது. மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இடைப்பட்ட எந்தப் படியிலும் அந்த ஆண் கேமராவில் சிக்கலாம். மஞ்சள், காவி, ஆரஞ்சு, மங்கிய சிவப்பு என்று நான்கு படங்கள் இருந்தால் அவை நான்கு இனமாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகை நிறமும் உண்டு. ஆர்தெட்ரம் பேரினத்தின் பல ஆண்கள் முதிரும்போது உடல்மேல் மெழுகுபோன்ற பொடி படிந்து சாம்பல் நீலமாகிவிடும். அது தோலின் நிறம் அல்ல, மேற்பூச்சு. இனச்சேர்க்கையின்போது பெண்ணின் கால்கள் உரசும் இடத்தில் பொடி அழிந்து, அடியில் உள்ள கறுப்பு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்து, குறி உள்ள வேறு இனம் என்று முடிவு செய்யக் கூடாது.

ஆகவே நிறத்தைப் படிக்கும் முன் ஆணா பெண்ணா என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டுப் படம் இதற்குத்தான் பயன்படும். ஆணுக்கு வயிற்றின் அடிப்புறத்தில், இரண்டாம் கண்டத்தின் கீழ், சிறிய புடைப்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தட்டான் ஆணின் இனச்சேர்க்கை உறுப்பு வால் நுனியில் இல்லை; இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெண்ணுக்கு அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். மஞ்சள் உடலும் அந்தப் புடைப்பும் சேர்ந்திருந்தால் அது இளம் ஆண்; பெண் அல்ல.

ஒரு சிவப்புப் படம்

இனி ஒரு படத்தை முழுதாகப் படித்துப் பார்ப்போம். திருப்புலி நாட்டில் ஒரு வாய்க்கால் ஓரம், கோரையின் நுனியில் சிவப்புப் பூச்சி ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம். உச்சி வெயில். பூச்சி வாலை வானத்தை நோக்கித் தூக்கி வைத்திருக்கிறது. வெயில் உறைக்கும்போது உடலில் படும் கதிரைக் குறைக்கப் பல தட்டான்கள் இப்படிச் செய்யும். எனவே அந்த நிலையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

இறக்கைகள் விரிந்து, சற்று முன்னால் தாழ்ந்திருக்கின்றன. பின் இறக்கையின் அடி அகலம். தட்டான் என்பது முடிவாயிற்று. மேலிருந்து எடுத்த படத்தில் கண்கள் தொடுகின்றன, தொடும் கோடு குட்டை. காம்ஃபிடே போயிற்று, ஏஷ்னிடே போயிற்று, லைபெல்லுலிடே மிஞ்சுகிறது. பக்கவாட்டுப் படத்தில் இரண்டாம் கண்டத்தின் கீழே புடைப்பு இருக்கிறது. ஆண். நிறம் முழுச் சிவப்பு, வெளிறல் இல்லை. முதிர்ந்த ஆண். இப்போதுதான் நிறத்தைக் கேட்க நமக்கு உரிமை வருகிறது.

தென்னிந்திய நீர்நிலைகளில் இந்த விவரத்துக்குப் பொருந்தும் முக்கியமான போட்டியாளர்கள் மூவர். கிரோகோதெமிஸ் செர்விலியா, டிரிதெமிஸ் அரோரா, ஆர்தெட்ரம் புருயினோசம். மூன்றுக்கும் வயிறு சிவப்பு என்பதால் வயிற்றைப் பார்த்துப் பிரிப்பது கடினம். மார்பு, கால், இறக்கை நரம்பு மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் மார்பு. ஆர்தெட்ரம் புருயினோசம் ஆணுக்கு வயிறு மட்டுமே ஊதா கலந்த சிவப்பு. மார்பு கருமையாக, சாம்பல் பொடி படிந்தது போல இருக்கும். நம் படத்தில் மார்பும் சிவப்பு. எனவே அது இல்லை.

அடுத்து கால். கிரோகோதெமிஸ் செர்விலியாவின் கால்கள் சிவந்த பழுப்பு. டிரிதெமிஸ் அரோராவின் கால்கள் கறுப்பு. பக்கவாட்டுப் படத்தில் கோரையைப் பிடித்திருக்கும் கால்கள் கறுப்பாகத் தெரிகின்றன. ஆனால் நிழலில் உள்ள பழுப்பும் கறுப்பாகத் தெரியக்கூடும் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது.

அடுத்தது இறக்கை. படத்தைப் பெரிதாக்கினால் நரம்புகள் இறக்கை முழுதும் சிவப்பாக ஓடுகின்றன; அடியில் அகன்ற தேன் நிறத் திட்டு. இது டிரிதெமிஸ் அரோரா. கிரோகோதெமிஸ் செர்விலியாவுக்கும் அடியில் தேன் நிறம் உண்டு. ஆனால் இறக்கை முழுதும் இப்படிச் சிவப்பு நரம்பு ஓடாது. கடைசியாக ஒரு சரிபார்ப்பு: செர்விலியாவின் வயிற்று முதுகில் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு நீளவாக்கில் போகும். நம் படத்தில் அது இல்லை. சிவப்பில் லேசாக ஊதா கலந்திருக்கிறது. கால், நரம்பு, கோடு மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. டிரிதெமிஸ் அரோரா ஆண் என்று எழுதலாம்.

இதில் வயிற்றின் சிவப்பு என்ன செய்தது? சாத்தியங்களை மூன்றாகக் குறைத்தது, அவ்வளவுதான். சிவப்பின் சாயலை நம்பியிருந்தால் கேமரா ஏமாற்றியிருக்கும். கடும் வெயிலில் எடுத்த கைப்பேசிப் படங்களில் அடர் சிவப்பு விவரமற்ற ஒரே திட்டாகப் பூத்துவிடும்; ஊதா சாயலும் அடங்கிவிடும், நடுவில் உள்ள கறுப்புக் கோடும் அடங்கிவிடும். படத்தில் கோடு இல்லை என்பதும் பூச்சியில் கோடு இல்லை என்பதும் வேறு வேறு. சிவப்பில் கண்டங்களின் எல்லையே தெரியாத அளவுக்குப் படம் வெளுத்திருந்தால், கோடு இல்லாததைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. நரம்பின் நிறமும் காலின் நிறமும் அப்போதும் நம்பத் தகுந்தவை.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

மேலே சொன்னவற்றிலிருந்தே என்னென்ன படம் வேண்டும் என்பது தெளிவாகிவிடும். தலைக்கு மேலிருந்து ஒன்று: கண் இடைவெளி, பின் இறக்கையின் அடி, வயிற்று முதுகின் குறிகள் எல்லாம் அதில் கிடைக்கும். நேர் பக்கவாட்டில் ஒன்று: மார்பின் கோடுகள், கால், ஆண் பெண் அடையாளம் அதில் கிடைக்கும். ஊசித்தட்டான் என்றால் வால் நுனியை மட்டும் நெருங்கி எடுத்த மூன்றாவது படமும் வேண்டும். ஒரே பேரினத்து இனங்களைப் பிரிப்பது பெரும்பாலும் அங்குள்ள கொக்கிகளின் வடிவம்தான்.

நெருங்கி எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கைப்பேசியைப் பூச்சியின் உடலுக்கு இணையாகப் பிடித்தால் தலை முதல் வால் வரை ஒரே கூர்மையில் வரும். சாய்த்துப் பிடித்தால் கண் தெளிவாகவும் வால் மங்கலாகவும் வரும். வெயில் ஏறும் முன், உடல் சூடாகாத நேரத்தில் பூச்சிகள் உடனே பறந்துவிடாது. நம் நிழல் அவற்றின் மேல் விழாமல் மெதுவாக நெருங்கலாம். தட்டான் பறந்துவிட்டாலும் விலகிப் போய்விட வேண்டாம். லைபெல்லுலிடே குடும்பத்து ஆண்கள் பல அதே குச்சி நுனிக்குத் திரும்பி வரும்.

படத்தோடு தேதி, இடம், நீர் ஓடுகிறதா தேங்கியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு வரம்பையும் மனத்தில் வைத்திருப்பது நல்லது. எஃப். சி. ஃப்ரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய இந்தியத் தட்டான் நூல் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. அதில் இனங்களைப் பிரிக்கும் வழிகள் பூச்சி கையில் இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை: நரம்புகளின் எண்ணிக்கை, வால் கொக்கிகளின் வளைவு, அடிப்புற உறுப்பின் வடிவம். அவற்றுள் பலவற்றைக் கைப்பேசிப் படம் காட்டாது. எனவே படத்தில் தெரியும் இடம்வரை மட்டுமே பெயர் எழுத வேண்டும். குடும்பம் தெரிந்தால் குடும்பம், பேரினம் தெரிந்தால் பேரினம்.

அதே வாய்க்கால் ஓரத்தில் இன்னொரு பூச்சியும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பழுப்பு உடல், விரிந்த இறக்கை; நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் கண்கள் குட்டையான கோடாகத் தொடுகின்றன, பக்கவாட்டுப் படத்தில் இரண்டாம் கண்டத்தின் கீழ் புடைப்பு இல்லை. லைபெல்லுலிடே பெண் என்பது வரை உறுதி. சிவப்பு ஆண் பக்கத்தில் இருந்தது என்பதற்காக இதையும் டிரிதெமிஸ் அரோரா என்று எழுதிவிடக் கூடாது. கிரோகோதெமிஸ் செர்விலியாவின் பெண்ணும் மஞ்சள்தான், அதுவும் அதே நீரைத் தேடி வரும். இறக்கையின் அடியும் வயிற்று முதுகும் தெரியும்படி மேலிருந்து ஒரு படம் கிடைக்கும்வரை, குறிப்பேட்டில் ‘லைபெல்லுலிடே, பெண்’ என்று இருப்பதே சரியான பதிவு.